முதல் வாரத்தில் மறைந்த லாபம்: ஒரு ஹாஸ்டல் மாணவனின் பதினொரு டிரேட்

கேள்வி: ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறேன். ரெண்டு வருஷ டேட்டாவில் பேக்டெஸ்ட் பண்ணி நல்ல லாபம் காட்டின இன்ட்ராடே ஸ்ட்ராட்டஜி, சொந்தப் பணம் போட்ட முதல் வாரமே நஷ்டம். இது வெறும் கெட்ட வாரமா, இல்ல பேக்டெஸ்டே தப்பா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்:

லாப நஷ்டத் தொகையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. நஷ்டம் வந்த அதே ஐந்து நாள்களை உங்கள் பேக்டெஸ்டில் ஓட்டி, டிரேடுக்கு டிரேட் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். இப்படிச் சொன்னால் எதைப் பார்ப்பது என்று புரியாது. அதனால் எங்கள் பழைய ஹாஸ்டலில் இருந்து என்னைத் தேடிவந்த ஒரு ஜூனியரின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். எண்களைக் கணக்குப் போட வசதியாகக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

கோயம்புத்தூரில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். இன்டர்ன்ஷிப்பில் கிடைத்த உதவித்தொகையைச் செலவழிக்காமல் ₹40,000 சேர்த்து வைத்திருந்தான். என்.எஸ்.இ. சந்தையில் இன்ட்ராடேக்குக் கையிலுள்ள பணத்தைப் போல அதிகபட்சம் ஐந்து மடங்கு வரை வாங்கலாம் என்பதால், ஒரு டிரேடுக்கு ₹50,000 வீதம் ஒரு நாளைக்கு மூன்று டிரேட் வரை போட அந்தப் பணம் போதும்.

அவன் ஸ்ட்ராட்டஜி இதுதான். நிஃப்டி 200 பங்குகளில், முந்தைய நாள் முடிவு விலையைவிட 2 சதவீதத்துக்கு மேல் இறங்கித் திறக்கும் பங்குகளைப் பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிடக் கேண்டில் பச்சையாக முடிந்தால், அதாவது திறந்த விலைக்கு மேல் முடிந்தால், பயத்தில் விற்றவர்கள் ஓய்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். வாங்கிவிட்டு மதியம் 1 மணிக்கு விற்க வேண்டும். ஒரே நாளில் நிறையப் பங்குகள் தேறினால், எந்த மூன்றின் பச்சைக் கேண்டில் பெரிதோ அவற்றை மட்டும் எடுக்க வேண்டும். காலையில் பீதியில் விழுந்த பங்கு கொஞ்சம் மீள்வது சந்தையில் பார்க்கக்கூடிய விஷயம்தான். யோசனையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ரெண்டு வருட டேட்டாவில் ஏறத்தாழ 900 டிரேட் வந்தது. செலவு போகும் முன் ஒரு டிரேடுக்குச் சராசரியாக ₹310 லாபம், அதாவது போட்ட பணத்தில் 0.62 சதவீதம். வாங்க ₹20, விற்க ₹20 என்று புரோக்கரேஜ் ₹40 கழித்திருந்தான். மிச்சம் ₹270. அந்த "பெரிய பச்சைக் கேண்டில் மூன்று" என்ற விதியைச் சேர்ப்பதற்கு முன் சராசரி ₹190 தானாம். சேர்த்ததும் ஒரே தாவலில் ₹310 ஆனது. அந்த ராத்திரி ரூம்மேட்டை எழுப்பி கிராஃபைக் காட்டியிருக்கிறான். கோடு இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போயிருக்கிறது, நடுவில் பெரிய பள்ளம் ஒன்றுகூட இல்லை.

ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தான். வெள்ளிக்கிழமை மாலை பதினொரு டிரேட் முடிந்திருந்தது. எல்லாச் செலவும் போக ₹1,870 நஷ்டம். பேக்டெஸ்ட் கணக்குப்படி பதினொன்றுக்கு ₹2,970 லாபம் வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, மார்க்கெட் மாறிடுச்சு போல. இல்லன்னா ஹாஸ்டல் வைஃபை ஸ்லோவா இருக்கு. புதன்கிழமையே மும்பைல ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்துட்டேன், அப்பவும் சரியாகல" என்றான்.

இந்த இடத்தில் எல்லாரும் செய்கிற ஒரு கணக்கை அவனும் செய்திருந்தான். அவன் பேக்டெஸ்டில் ஒவ்வொரு டிரேடும் சராசரியிலிருந்து சுமார் ₹800 மேலும் கீழும் ஆடும். பதினொரு டிரேட் சேர்ந்தால் ஆட்டம் 800-ஐ √11-ஆல் பெருக்கியது, சுமார் ₹2,650. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் வித்தியாசம் ₹4,840. அதாவது வழக்கமான ஆட்டத்தைப் போல 1.8 மடங்கு. ஸ்ட்ராட்டஜி முழுக்க உண்மையாக இருந்தாலும், முப்பது வாரத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு வாரம் தற்செயலாக வரும். அவன் பேக்டெஸ்டைத் துழாவிப் பார்த்தபோது ரெண்டு வருடத்தில் இதே அளவு மோசமான வாரங்கள் மூன்று கிடைத்தன. "அப்ப இது நார்மல்தானே அண்ணா?" என்று கேட்டான்.

கணக்கில் தப்பில்லை. ஆனால் இந்தக் கணக்கால் ரெண்டையும் பிரிக்க முடியாது. கெட்ட வாரமாக இருந்தாலும் −1,870 வரும், பேக்டெஸ்ட் பொய்யாக இருந்தாலும் −1,870 வரும். இன்னும் ரெண்டு மாதம் பணம் போட்டுப் பார்த்தால் பிரியும், அதற்குள் அவன் கையிருப்பில் கணிசமான பகுதி போயிருக்கும்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. "இதே அஞ்சு நாளை உன் கோட்ல ஓட்டினா என்ன வருது?"

அவன் அதைச் செய்திருக்கவில்லை. அவன் பேக்டெஸ்ட் போன மாதக் கடைசியோடு நின்றிருந்தது. அந்த வாரத்து டேட்டாவை இறக்கி ஓட்டினான். நான் போனை வைக்கவில்லை. கோட் அதே பதினொரு பங்குகளை, அதே நாள்களில் எடுத்தது. லாபம் ₹2,300 என்று காட்டியது.

சந்தை மாறவில்லை என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. மாறியிருந்தால் அந்த வாரம் பேக்டெஸ்டும் நஷ்டம் காட்டியிருக்க வேண்டும். அதே பங்கு, அதே நாள், அதே வெளியேறும் நேரம். கோடுக்கு ₹2,300 லாபம், அவனுக்கு ₹1,870 நஷ்டம். இடையில் உள்ள ₹4,170-க்கு அதிர்ஷ்டம் காரணமாக இருக்க முடியாது, ஏனென்றால் ரெண்டு பேருக்கும் கிடைத்த அதிர்ஷ்டம் ஒன்றுதான்.

அடுத்து டிரேட் வாரியாக ஒரு பட்டியல் போடச் சொன்னேன். கோட் காட்டும் லாபம் ஒரு பத்தி, நிஜ லாபம் ஒரு பத்தி, ரெண்டின் வித்தியாசம் ஒரு பத்தி. முதல் ரெண்டு பத்திகளும் ஏறி இறங்கிக் கிடந்தன. மூன்றாவது மட்டும் வேறு மாதிரி இருந்தது. பதினொன்றிலும் அவன் பக்கமே குறைவு, மிகச் சிறியது ₹210, மிகப் பெரியது ₹590. சராசரி ₹379. தற்செயலான விஷயம் என்றால் நாலைந்தாவது அவனுக்குச் சாதகமாக விழுந்திருக்கும். எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தால் எங்கோ ஒரு விதி தவறாக எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் பட்டியலிலும் முதலில் இந்த மூன்றாவது பத்தியைப் பாருங்கள்.

ஒரே ஒரு டிரேடைப் பிரித்துப் பார்த்தோம். செவ்வாய்க்கிழமை வாங்கிய பங்கு. முந்தைய நாள் ₹412-ல் முடிந்தது, அன்று ₹402-ல் திறந்தது. 9:15 முதல் 9:20 வரையிலான கேண்டில் ₹404.60-ல் பச்சையாக முடிந்தது. 124 பங்கு வாங்கியிருந்தான்.

கோட் சொன்ன கதை: ₹402-க்கு வாங்கி ₹404-க்கு விற்றது. ₹248 லாபம், செலவு ₹40, மிச்சம் ₹208.

புரோக்கர் ஆர்டர் புத்தகம் சொன்ன கதை: 9:20 முடிந்து மூன்று விநாடியில் மார்க்கெட் ஆர்டர் போனது, ₹404.95-க்குக் கிடைத்தது. மதியம் ₹403.80-க்கு விற்றது. பங்குக்கு ₹1.15 நஷ்டம், மொத்தம் ₹143. செலவு ₹53. ஆக ₹196 நஷ்டம்.

வித்தியாசம் ₹404. இதை மூன்றாக உடைக்கலாம். 402-க்கும் 404.60-க்கும் இடையில் உள்ள ₹2.60, 124 பங்குக்கு ₹322. வாங்கும்போது 35 பைசா, விற்கும்போது 20 பைசா என்று நழுவியது ₹68. செலவில் அவன் குறைத்துப் போட்டது ₹13. பெரும்பகுதி முதல் துண்டில் இருக்கிறது.

"நீ ஏன் 402-க்கு வாங்கல?" என்று கேட்டேன்.

"கேண்டில் பச்சைன்னு 9:20-க்குத்தானே அண்ணா தெரியும்" என்றான். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் இந்த ரெண்டு வரிகளை அனுப்பினான்:

```python
df["signal"] = (df["gap"] < -0.02) & (df["close"] > df["open"])
df["entry"]  = df["open"]
```

முதல் வரி, கேண்டில் முடிந்த விலையைப் பார்த்து வாங்கலாமா என்று முடிவு செய்கிறது. ரெண்டாவது வரி, அதே கேண்டில் திறந்த விலைக்கு வாங்குகிறது. 9:20-க்குத் தெரியும் செய்தியை வைத்து 9:15-க்கு வாங்கியிருக்கிறது கோட்.

இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. டேட்டா இருக்கும் விதமே இந்தத் தப்புக்கு இழுக்கிறது. பெரும்பாலான டேட்டாவில் கேண்டிலுக்கு அது ஆரம்பிக்கும் நேரம்தான் பெயர். `09:15` என்று ஒரு வரிசை, அதற்குள் திறப்பு, உச்சம், தாழ்வு, முடிவு என்று நாலு விலையும் அருகருகே உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவருக்கு நாலும் 9:15-க்கே கையில் இருப்பது போலத் தோன்றும். திறப்பு விலை மட்டும்தான் அப்போது தெரியும், மற்ற மூன்றும் 9:20-க்குத்தான் முடிவாகும்.

என்.எஸ்.இ.-யில் இது இன்னும் ஒரு படி கடினம். பங்குகளின் திறப்பு விலை 9 மணிக்கு ஆரம்பிக்கும் ப்ரீ-ஓபன் ஏலத்தில் முடிவாகிறது. ஆர்டர் வாங்குவது 9:08-க்குள் நின்றுவிடும். அந்த ₹402 வேண்டுமென்றால் 9:08-க்கு முன்பே ஆர்டர் போட்டிருக்க வேண்டும், கேண்டில் பச்சையா சிவப்பா என்பது அதற்குப் பன்னிரண்டு நிமிடம் கழித்துத் தெரியும். மும்பை சர்வர் உதவாமல் போனதும் இதனால்தான். மூன்று விநாடியை ஒரு மில்லி விநாடியாகக் குறைத்தாலும் கிடைப்பது 404.60-ஐ ஒட்டிய விலைதான். 402 அந்த நேரத்தில் சந்தையிலேயே கிடையாது.

இப்போது அந்த "பெரிய பச்சைக் கேண்டில் மூன்று" விதிக்கு வருகிறேன், எனக்கு இதுதான் மனதில் நின்ற பகுதி. அந்த விதியைச் சேர்த்ததும் லாபம் ₹190-லிருந்து ₹310 ஆனது, இல்லையா? கேண்டிலின் உயரம் முழுவதும் கோட் கணக்கில் லாபமாக வரவாகிறது. அதிக உயரமான கேண்டிலைத் தேர்ந்தெடுத்தால் அதிக லாபம் வந்தே தீரும். ஏற்கெனவே ஏறி முடித்த பங்குகளை வரிசைப்படுத்தி, அதிகம் ஏறியதை எடுத்து, ஏறுவதற்கு முந்தைய விலையில் வாங்கினால் யாருக்கும் லாபம் வரும். ஒரு விதியைச் சேர்த்ததும் பேக்டெஸ்ட் திடீரென்று தாவினால், அந்த விதி எந்த நேரத்துத் தகவலைத் தொடுகிறது என்று உடனே பார்க்க வேண்டும். அவன் ரூம்மேட்டை எழுப்பிய அந்த ராத்திரி பார்த்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

திருத்தம் ஒரே வரி. டேட்டா பங்கு வாரியாகவும் நேர வாரியாகவும் வரிசையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்:

```python
df["entry"] = df["open"].shift(-1)
```

சிக்னல் வந்த கேண்டிலுக்கு அடுத்த கேண்டிலின் திறப்பு விலையில் வாங்கு என்று அர்த்தம். ரெண்டு வருடத்தையும் மறுபடி ஓட்டினான். சராசரி ₹310 இருந்த இடத்தில் ₹22 வந்தது.

நான் இன்னொன்றும் செய்யச் சொன்னேன். வாங்கும் நேரத்தை ஒவ்வொரு கேண்டிலாகத் தள்ளிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 9:15-ல் ₹310, 9:20-ல் ₹22, 9:25-ல் ₹18, 9:30-ல் ₹20. நிஜமான பலன் இருக்கும் ஸ்ட்ராட்டஜியில் தாமதம் கூடக் கூட லாபம் படிப்படியாகத் தேயும். ஐந்து நிமிடத்தில் செத்துப்போகிற வேகமான பலன்களும் உண்டு. ஆனால் மதியம் வரை பங்கை வைத்திருப்பேன் என்று சொல்கிற ஸ்ட்ராட்டஜியில் முதல் படியிலேயே 93 சதவீதம் விழுந்து, அதன்பின் சமதரையாகக் கிடந்தால், எதிர்காலத் தகவல் உள்ளே கசிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தாமதச் சோதனைக்கு நிஜப் பணம் ஒரு ரூபாய்கூட வேண்டாம். முதல் ஆர்டர் போடுவதற்கு முன்பே செய்யலாம்.

கோட் பெரிதாக இருந்து எங்கே கசிகிறது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் வேறு வழி இருக்கிறது. ஏதோ ஒரு பழைய நாளை எடுத்து, முடிவு எடுக்கும் நேரத்துக்குப் பிந்தைய டேட்டா முழுவதையும் அழித்துவிட்டு அதே கோடை ஓட்டுங்கள். முழு டேட்டாவில் வந்த அதே சிக்னலும் அதே வாங்கும் விலையும் வர வேண்டும். மாறினாலோ, வராமல் போனாலோ, அழித்த பகுதியில் இருந்து ஏதோ ஒன்றைக் கோட் எடுத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அவன் கோடில் 9:15-க்கு வெட்டினால் சிக்னலே வராது, 9:20-க்கு வெட்டினால் சிக்னல் வரும், ஆனால் வாங்கிய நேரம் 9:15 என்று காட்டும். ரெண்டும் ஒத்துப்போகாதது அப்போதே தெரிந்திருக்கும்.

மிச்சமிருந்த ரெண்டு துண்டுகளும் சிறியவை என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் இப்போது லாபமே ₹22 தான். ₹50,000 டிரேடுக்கு அவன் கான்ட்ராக்ட் நோட்டில் இருந்த செலவைப் பார்த்தோம். அவன் புரோக்கர் 0.03 சதவீதம் அல்லது ₹20, இதில் எது குறைவோ அதை எடுக்கிறார். ஆக ஒரு பக்கத்துக்கு ₹15, ரெண்டு பக்கமும் ₹30. இதில் அவன் ₹40 என்று அதிகமாகவே போட்டிருந்தான். விட்டது மற்றவற்றை. விற்கும் தொகையில் 0.025 சதவீதம் எஸ்.டி.டி. என்ற பங்குப் பரிவர்த்தனை வரி, அது ₹12.50. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் சுமார் ₹3, வாங்கும் பக்கம் முத்திரை வரி ₹1.50, புரோக்கரேஜ் மேலும் எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தின் மேலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. ₹6 அளவு. மொத்தம் ₹53.

விலை நழுவல் இன்னும் பெரிது. 2 சதவீதம் இறங்கித் திறந்த பங்கில், காலை 9:20-க்கு, வாங்குவோர் விலைக்கும் விற்போர் விலைக்கும் இடைவெளி வழக்கத்தைவிட அகலமாக இருக்கும். அதே கேண்டிலைப் பார்த்து அதே நொடியில் வாங்க வருகிறவர்களும் இருப்பார்கள். அவன் பதினொரு டிரேடில் வாங்கும்போதும் விற்கும்போதும் சேர்த்துச் சராசரி ₹76 போயிருந்தது. ₹22 வரவு, ₹53 செலவு, ₹76 நழுவல். ஒவ்வொரு டிரேடுக்கும் ₹107 நஷ்டம் தரும் ஸ்ட்ராட்டஜி அது. 2022-23 நிதியாண்டில் பங்குச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டம் அடைந்ததாக செபி 2024-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு நாளைக்கு மூன்று முறை ₹129-ஐக் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டமே தொடங்குகிறது என்று பார்த்தால் அந்த எண் புரியும்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. அடுத்த சனிக்கிழமை மறுபடி கூப்பிட்டான். குரலில் பழைய உற்சாகம். "அண்ணா, சரி பண்ணிட்டேன். இப்ப அடுத்த கேண்டில்லதான் வாங்குது, 53 ரூபாயும் கழிச்சுட்டேன். அப்பவும் லாபம் வருது."

என்ன செய்தாய் என்று கேட்டேன். இறக்கத்தின் அளவில் நாலு விதம், வெளியேறும் நேரத்தில் நாலு விதம், வால்யூம் வடிகட்டியில் மூன்று விதம், வெள்ளிக்கிழமை சேர்த்து ஒன்று, விட்டு ஒன்று என்று ரெண்டு விதம். 96 சேர்க்கைகளையும் ஓட்டி, எது சிறந்ததோ அதை எடுத்திருக்கிறான். 3 சதவீதத்துக்கு மேல் இறக்கம், 11 மணிக்கு வெளியேற்றம், வால்யூம் ரெண்டு மடங்கு, வெள்ளிக்கிழமை விடுமுறை. 225 டிரேட் மிஞ்சியது. சராசரி ₹118, செலவு போக ₹65.

முதல் தப்பு கோடில் ஒரு வரியில் இருந்தது, கண்ணால் பார்த்துப் பிடித்துவிடலாம். இந்த ரெண்டாவது எந்த வரியிலும் இருக்காது. ஒவ்வொரு டிரேடும் ₹800 ஆடும் என்றால், 225 டிரேடின் சராசரி தற்செயலாகவே ₹53 மேலும் கீழும் போகும் (800-ஐ √225, அதாவது 15-ஆல் வகுத்தால் வருவது). அடிப்படைப் பலன் ₹22. அவனுக்குக் கிடைத்த ₹118 அதைவிட ₹96 அதிகம், அந்த ஆட்டத்தைப் போல 1.8 மடங்கு. ஒரே ஒரு சேர்க்கையை ஓட்டி இது கிடைத்திருந்தால் கவனிக்கத்தக்கது. 96 ஓட்டிச் சிறந்ததைப் பொறுக்கும்போது, பலனே இல்லாத இடத்திலும் ரெண்டு மடங்கை ஒட்டி ஒன்றாவது வந்துவிடும். மேலும் அந்த ₹76 நழுவலை அவன் மறுபடி விட்டுவிட்டான். அதையும் கழித்தால் ₹65 மைனஸ் ₹11 ஆகிவிடுகிறது.

வாதாடுவதைவிட ஒரு சோதனை நல்லது என்று தோன்றியது. அவன் இதுவரை தொடாத, அதற்கும் முந்தைய ரெண்டு வருட டேட்டாவை எடுத்து, அந்த ஒரே சேர்க்கையை ஒரே ஒரு முறை ஓட்டச் சொன்னேன். ஓட்டிய பிறகு எதையும் மாற்றக் கூடாது, மாற்றினால் அந்த டேட்டாவும் பார்த்த டேட்டா ஆகிவிடும். சராசரி ₹9 வந்தது, செலவுக்கு முன்.

இதில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருந்தது. ரெண்டு வருடத்துக்கும் அவன் பயன்படுத்தியது இன்றைய நிஃப்டி 200 பட்டியல். அந்தப் பட்டியல் வருடத்துக்கு ரெண்டு முறை மாறும், விழுந்துகொண்டே போன பங்குகள் வெளியேற்றப்படும். விழுந்ததை வாங்கும் ஸ்ட்ராட்டஜிக்கு, விழுந்து எழாமல் போன பங்குகளே டேட்டாவில் இல்லை என்றால் எவ்வளவு சாதகம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தந்தத் தேதியில் பட்டியலில் இருந்த பங்குகளை வைத்து ஓட்டினால் அந்த ₹22-ம் குறையும் என்பது என் கணிப்பு. அதற்குமேல் அவன் ஓட்டவில்லை, தேவையும் இல்லை.

இனி உங்கள் வாரத்துக்கு வருகிறேன். அதே நாள்களை ஓட்டி வித்தியாசப் பத்தியைப் போடுங்கள். அது ஒரே பக்கமாகச் சாய்ந்தால் மேலே சொன்ன வழியில் ஒரு டிரேடைப் பிரித்துப் பாருங்கள், தப்பு கோடிலோ விலையிலோ இருக்கும். கோட் எடுத்த பங்குகளும் நீங்கள் வாங்கிய பங்குகளும் வேறு வேறாக இருந்தால் முதலில் அதற்குக் காரணம் தேடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வித்தியாசம் பூஜ்ஜியத்தை ஒட்டி ரெண்டு பக்கமும் சிதறியிருந்து, பேக்டெஸ்டும் அந்த வாரம் நஷ்டமே காட்டினால், உங்களுக்கு வந்தது கெட்ட வாரமாக இருக்கலாம். பேக்டெஸ்ட் லாபமே பொறுக்கி எடுத்ததால் வந்த பொய்யாகவும் இருக்கலாம், எது என்பதை நீங்கள் இதுவரை தொடாத டேட்டாதான் சொல்லும்.

இந்தச் சோதனைக் காலத்தில் ஆர்டரை ஒரு பங்காகக் குறைத்துவிடுங்கள். ₹400 பங்கு ஒன்றுக்கு மேலே சொன்ன கட்டண முறையில் புரோக்கரேஜ் ஒரு பக்கத்துக்கு 12 பைசாதான் (குறைந்தபட்சக் கட்டணம் வாங்கும் புரோக்கர்களும் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்). நூறு பங்கு வாங்கினால் நழுவல் கொஞ்சம் கூடும் என்றாலும், சிக்னல் சரியாக வருகிறதா, கோட் சொல்லும் விலை நிஜத்தில் கிடைக்கிறதா என்பதை ஒரு பங்கே காட்டிவிடும். பணம் போடாமல் காகிதத்தில் மட்டும் டிரேட் செய்தால் இது தெரியாது, அங்கே கேட்ட விலை கேட்ட நொடியில் கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் சிக்னல் வந்தபோது இருந்த விலை, ஆர்டர் போனபோது இருந்த விலை, கிடைத்த விலை என்று மூன்றையும் எழுதி வையுங்கள்.

எத்தனை டிரேட் வரை பார்ப்பது என்றும் கேட்பீர்கள். உங்கள் டிரேடும் ₹800 ஆடுவதாக வைத்துக்கொள்வோம். டிரேடுக்கு ₹270 நிஜமாகவே கிடைக்கும் ஸ்ட்ராட்டஜி என்றால், அதைப் பூஜ்ஜியத்திலிருந்து பிரித்துப் பார்க்க 35 டிரேட் போதும், மூன்று நாலு வாரத்தில் தெரியும். செலவும் நழுவலும் போக ₹40 கிடைக்கிறது என்றால் சுமார் 1,600 டிரேட் வேண்டும். வாரத்துக்குப் பதினொன்று வீதம் அது ஏறத்தாழ மூன்று வருடம், உங்கள் படிப்பு முடிந்திருக்கும்.